தோழியாக, தோழனாக நின்ற கல்யாணப் படத்துக்குக் கேப்ஷன் எழுதுவது எப்படி: சிரிப்பும் பாசமும் சேர்ந்து வர ஒரு முழு வழிகாட்டி

நண்பரின் கல்யாணத்தில் மணமக்களுக்குப் பக்கத்தில் நின்றவர் படம் போடும்போது, அதை இரண்டு கூட்டங்கள் ஒரே நேரத்தில் படிக்கின்றன. ஒன்று, எல்லாக் கதையும் தெரிந்த நம் செட். இன்னொன்று, நேற்றுவரை நம்மைப் பார்த்தே இராத புது வீட்டு உறவுகள். செட்டுக்குச் சிரிப்பு வரவேண்டும், புது உறவுகளுக்கு இந்தப் பெண்ணை அல்லது இந்தப் பையனைப் பற்றி நல்லதாக ஒன்று தெரியவேண்டும். இரண்டும் இரண்டு மூன்று வரிக்குள் நடக்கவேண்டும் என்பதால்தான் பலரும் எழுத உட்கார்ந்து, கடைசியில் "ஹேப்பி மேரீட் லைஃப்" என்று போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

தென் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் கல்யாணத்தை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மணப்பெண் தோழி, மாப்பிள்ளைத் தோழன் என்ற இரண்டு பேருக்கும் அங்கேதான் சர்ச்சுக்குள்ளேயே ஒரு இடமும் வேலையும் இருக்கிறது. ஆராதனை முழுக்கப் பக்கத்தில் நிற்பது, பூச்செண்டை வாங்கிப் பிடிப்பது, மணப்பெண் தலையில் அணியும் மெல்லிய முக்காடான நெட்டைச் சரிசெய்வது, மோதிரத்தைப் பத்திரமாக வைத்திருந்து நேரம் வரும்போது எடுத்துக் கொடுப்பது என்று அந்த வேலைகளிலேயே எழுதுவதற்கான விஷயம் கிடக்கிறது. மண்டபக் கல்யாணத்தில் நண்பருக்கு இடம் வேறு. பல குடும்பங்களில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்பவர் மணப்பெண்ணின் சகோதரர். நண்பர்கள் ஒரே நிறப் புடவையிலோ சட்டையிலோ மேடையேறிப் படம் எடுத்துக்கொள்வதோடு சரி. ஆனால் எழுதும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் எழுதுங்கள்

கேப்ஷனை யோசித்து வைத்துக்கொண்டு அதற்குப் படம் தேடினால் இரண்டும் ஒட்டாது. போனில் இருக்கும் படங்களைத் திறந்து, கேமராவைப் பார்த்து வரிசையாகச் சிரிக்கும் படங்களை ஒதுக்குங்கள். அவை அழகாக இருக்கும். ஆனால் அவற்றில் எதுவும் நடப்பதில்லை. கை ஏதோ வேலை செய்துகொண்டிருக்கும் படமாக ஒன்றை எடுங்கள். நீங்கள் குனிந்து நெட்டை விரிக்கிறீர்கள், உங்கள் முகமே தெரியவில்லை. அல்லது அவள் கண்ணைத் துடைக்கிறாள், கைக்குட்டை உங்களுடையது. அல்லது மோதிரம் பத்திரமாக இருக்கிறதா என்று மாப்பிள்ளைத் தோழன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இப்படி ஒரு படத்துக்கு வரி தானாக வரும்.

முகம் தெரியாத அந்தப் படத்துக்கு இப்படி எழுதலாம்:

"இந்தப் படத்தில் என் முகம் தெரியாது. நெட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தால் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் இவளுக்கு ரிப்பன் கட்டிவிட்ட அதே கை."

முதல் இரண்டு வாக்கியமும் எழுதுபவரைப் பற்றிய லேசான கேலி. மூன்றாவது வாக்கியத்தில் பாசம். இரண்டுக்கும் நடுவில் ஒரே கை இருக்கிறது. இந்த இணைப்பு இருப்பதால்தான் மூன்றாவது வரி ஒட்டவைத்தது போலத் தெரியவில்லை. இனி சொல்லப்போவதெல்லாம் இதை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான்: சிரிப்பும் பாசமும் ஒரே விஷயத்திலிருந்து பிறக்கவேண்டும்.

சின்னச் சின்ன உண்மைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

நண்பரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஐந்தாறு விஷயங்களைத் துண்டுக் காகிதத்திலோ போனிலோ எழுதுங்கள். குணங்களை எழுதாதீர்கள். "நல்ல மனசு", "ரொம்ப ஜாலி" என்பவை யாருக்கும் பொருந்தும். கண்ணால் பார்க்கக்கூடிய பழக்கத்தை எழுதுங்கள். முதல் பீரியடுக்கு ஒருநாளும் நேரத்தில் வந்ததில்லை. டிபன் பாக்ஸை மூடியோடு திருப்பிக் கொடுத்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த உடனே தூங்கிவிடுவாள், இறங்கும் இடத்தில் நாம்தான் எழுப்பவேண்டும். விளம்பரம் பார்த்தாலும் அழுவாள். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வான்.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி: இதை அவளே தன் மாமியாரிடம் சிரித்துக்கொண்டு சொல்வாளா? சொல்லமாட்டாள் என்றால் அடித்துவிடுங்கள். பழைய காதல், வந்து போன வரன்கள், கல்யாணம் தள்ளிப்போனது, நிறம், எடை, நகை, சீர், குடிக்கிற பழக்கம் எல்லாம் இந்தக் கேள்வியிலேயே கழிந்துவிடும். "ஒரு வழியா இவளுக்கும் கல்யாணம் ஆச்சு" என்பதைக் கேலியாகத்தான் எழுதுவோம். ஆனால் வரன் பார்க்கத் தொடங்கி நான்கு வருஷம் தவித்த வீட்டில் அதைப் படிக்கும் அம்மாவுக்கு அது கேலி இல்லை.

இரண்டாவது கேள்வி: இந்தப் பழக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் அடியில் ஒரு நல்லது இருக்கிறதா? லேட்டாக வருகிறவளுக்காகக் காத்திருந்தோம் என்றால், அவள் அதற்கு உரியவள் என்று அர்த்தம். பஸ்ஸில் தூங்கிவிடுவாள் என்றால், நம் தோளில் சாய்ந்துதான் தூங்கினாள். டிபன் பாக்ஸ் மூடி வராமல் போனதென்றால், சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டோம். புரட்டினால் எதுவும் இல்லாத பழக்கமும் உண்டு. கடன் வாங்கித் திருப்பித் தரமாட்டான் என்பதில் எனக்கு எந்தப் பாசமும் தெரியவில்லை. அதை விட்டுவிடுங்கள்.

யாரைக் கேலி செய்வது

மூன்று பேரைக் கேலி செய்யலாம். முதலில் நம்மை: தோழியாக நின்று நாம் பட்ட பாடு, முந்தானை முழுக்கக் குத்தி வைத்திருந்த ஊக்குகள், ஆராதனை முழுக்கச் செருப்பு கடித்தது. இது எப்போதும் பாதுகாப்பு. அடுத்து நண்பரை, மேலே சொன்ன இரண்டு கேள்வியையும் தாண்டிய பழக்கத்தை வைத்து. மூன்றாவதாக நம் நட்பை: இத்தனை வருஷம் நாம் சேர்ந்து செய்த உருப்படியில்லாத காரியங்களை.

கல்யாணத்தையே கேலி செய்வதைத் தவிர்க்கச் சொல்கிறேன். "ஆயுள் தண்டனை", "சிக்கிட்டான்", "இன்னைக்கோட சுதந்திரம் போச்சு", "அண்ணா, பாவம் நீங்க" இவையெல்லாம் எல்லாக் கல்யாணத்திலும் எல்லாரும் சொல்லித் தேய்ந்தவை. அதைவிடப் பெரிய குறை, இவற்றில் உங்கள் நண்பர் இல்லவே இல்லை. எந்த மாப்பிள்ளையையும் அந்த இடத்தில் வைக்கலாம். இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய கேப்ஷனில் வேறொரு நண்பரின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று அர்த்தம்.

நண்பரின் துணையை, நமக்கும் அவரை நன்றாகத் தெரிந்திருந்தால் ஒழிய, கேலி செய்யக்கூடாது. வாழ்த்தலாம், வரவேற்கலாம், ஒரு வேலையை ஒப்படைக்கலாம். அவ்வளவுதான்.

ஒரு கேப்ஷனைப் படிப்படியாக எழுதிப் பார்ப்போம்

நாகர்கோவில் பக்கத்து சர்ச் ஒன்றில் கல்யாணம், பத்தரை மணிக்கு ஆராதனை என்று வைத்துக்கொள்வோம். எழுதுகிறவர் மணப்பெண்ணின் காலேஜ் தோழி. படத்தில் இரண்டு பேரும் சர்ச் வாசலில் நிற்கிறார்கள். மணப்பெண் கையில் பூச்செண்டு, தோழி கையில் மணப்பெண்ணின் போனும் தண்ணீர் பாட்டிலும். பட்டியலிலிருந்து எடுத்த விஷயம், அவள் எப்போதும் லேட்டாக வருவது.

முதலில் கைக்கு வருவது இப்படி இருக்கும்:

"என் உயிர்த் தோழிக்குக் கல்யாணம். ரொம்ப ரொம்ப சந்தோஷம். என்றும் இன்பமாக வாழ வாழ்த்துகள்."

இதில் தப்பு எதுவும் இல்லை, ஆள்தான் இல்லை. சரி, விஷயத்தை உள்ளே கொண்டுவருவோம்:

"இவள் எப்போதும் லேட்டாகத்தான் வருவாள். தன் கல்யாணத்துக்கு மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள்."

இப்போது ஆள் வந்துவிட்டாள். ஆனால் முதல் வாக்கியத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம், "மட்டும்" என்று படித்ததும் முடிவு தெரிந்துவிடுகிறது. சிரிப்பு வரவேண்டுமானால் படிக்கிறவர் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது நாம் இன்னொரு பக்கம் திரும்பவேண்டும். இங்கே நமக்குக் கைகொடுப்பது அந்த இடமே. கிறிஸ்தவக் கல்யாணங்களில் அடிக்கடி காதில் விழும் வேதபகுதி, யோவான் 2-ஆம் அதிகாரத்தில் வரும் கானா ஊர்க் கல்யாணம். அங்கே தண்ணீர் திராட்சரசமானது என்பது அந்தச் சர்ச்சில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைப் பக்கத்தில் வைத்தால்:

"கானா ஊர் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சரசம் ஆனது. எங்கள் ஊர் கல்யாணத்தில் இவள் நேரத்துக்கு வந்தாள்."

அவள் லேட்டாக வருகிறவள் என்று இதில் எங்கேயும் சொல்லவில்லை. செட்டுக்கு ஏற்கெனவே தெரியும், புது உறவுகளுக்கு இரண்டாவது வாக்கியம் முடியும்போது தெரிந்துவிடும். "அற்புதம்" என்ற சொல்லையும் எழுதவில்லை. எழுதினால் விளக்கமாகிவிடும். இரண்டு வாக்கியமும் ஒரே நடையில் போவதையும் கவனியுங்கள்: ஊர், கல்யாணம், என்ன நடந்தது. முதல் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் பெரிய விஷயம், இரண்டாவதன் கடைசிச் சொல்லில் சின்ன விஷயம். தமிழில் வினை கடைசியில் வருவது கேலி எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய வசதி. திருப்பத்தை வாக்கியத்தின் கடைசிச் சொல் வரைக்கும் பிடித்து வைத்திருக்கலாம். "இவள் நேரத்துக்கு வந்தாள் எங்கள் ஊர் கல்யாணத்தில்" என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், பாதியிலேயே சிரிப்பு கசிந்துவிடும்.

வேதத்தைத் தொட்டு எழுதுவது எல்லா வீட்டுக்கும் சரிவராது. அந்தக் குடும்பமே இப்படிப் பேசிச் சிரிக்கிற குடும்பமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மனம் வருந்துவார்கள் என்று தோன்றினால் வேறு வழி இருக்கிறது:

"பத்தரைக்கு ஆராதனை. பத்து மணிக்கே இவள் வந்து நின்றாள். எல்லாரும் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டோம்."

இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. கானா ஊர் வரியில் இடத்தின் வாசனை கூடுதல், அதனால் அதையே வைத்துக்கொண்டு மேலே போவோம்.

அடுத்து பாசம். பெரும்பாலும் இங்கேதான் கேப்ஷன் உடையும். இரண்டு வரி கேலி செய்துவிட்டு, "லவ் யூ டி செல்லம், மிஸ் யூ" என்று போட்டால் இரண்டு பேர் எழுதியது போல இருக்கும். லேட் என்ற அதே விஷயத்தைப் புரட்டுங்கள். அவள் லேட்டாக வந்தாள் என்றால் யாரோ காத்திருந்தார்கள். காத்திருந்தது நாம். இனி அந்த வேலை மாப்பிள்ளைக்கு:

"மூன்று வருஷம் பஸ் ஸ்டாப்பில் இவளுக்காகக் காத்திருந்தவள் நான். அண்ணா, இனி அந்த இடம் உங்களுக்கு. காத்திருந்த ஒரு நாளும் வீண் போனதில்லை."

கடைசி வாக்கியத்தில் பாசம் என்ற சொல்லே இல்லை. ஆனால் படிக்கிற மாமியாருக்கு, தன் வீட்டுக்கு வந்த பெண்ணைப் பற்றி நல்லதொரு சாட்சி கிடைத்துவிடுகிறது. மாப்பிள்ளையை "அண்ணா" என்று கூப்பிட்டு ஒரு பொறுப்பையும் கொடுத்திருக்கிறோம், அவரைக் கேலி செய்யவில்லை. முழுவதையும் சேர்த்தால் ஐந்து வாக்கியம். இதற்கு மேல் வாழ்த்து எதுவும் வேண்டியதில்லை. வைத்தே ஆகவேண்டும் என்றால் "கர்த்தர் உங்கள் இருவரையும் ஆசீர்வதிப்பாராக" என்று தனி வரியில் போடுங்கள். அந்தக் குடும்பங்களில் அது வெறும் வழக்கத்துக்காகச் சொல்வதில்லை, மனதாரச் சொல்வது.

மாப்பிள்ளைத் தோழனுக்கு: பூடகம் வேண்டாம்

ஆண்கள் எழுதும்போது அதிகம் நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. "பழைய கதையெல்லாம் எடுத்து விடவா மாப்ள?", "இவன் ரகசியம் எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்று எழுதுவது. செட்டுக்கு அந்த ரகசியம் என்ன என்று தெரியும். பெரும்பாலும் அது ஹாஸ்டலில் வார்டனிடம் மாட்டிக்கொண்ட கதையாக இருக்கும். ஆனால் மணப்பெண்ணின் அக்காவுக்கு அது தெரியாதே. தெரியாதபோது மனசு மோசமானதைத்தான் நினைக்கும். சொல்லாமல் விட்டதால் கண்ணியமாக இருக்கும் என்று நினைக்கிறோம், உண்மையில் அதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. சின்னதாக, குறிப்பாக, முழுசாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது, சிரிப்பும் அதிகம் வரும்.

சி.எஸ்.ஐ. சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் தெரிவிக்கவேண்டும் என்று கேட்பார்கள். இது தோழனுக்கென்றே அமைந்த இடம். பூடகமாக எழுதினால்:

"மூணு ஞாயிறு ஓலை வாசிச்சாங்க. இவனைப் பத்தி எல்லாம் தெரிஞ்சும் நான் வாயத் திறக்கல."

சிரிப்பு வருகிறது, கூடவே "எல்லாம்" என்றால் என்ன என்ற கேள்வியும் வருகிறது. அந்த ஒரு சொல்லை மாற்றுங்கள்:

"மூணு ஞாயிறு ஓலை வாசிச்சாங்க. இவனுக்குச் சமைக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சும் நான் எந்திரிக்கல."

சமையலைப் போய் ஒரு தடையாகச் சொல்வதுதான் வேடிக்கை. "வாயத் திறக்கல" என்பதை "எந்திரிக்கல" என்று மாற்றியதற்கும் காரணம் உண்டு. சர்ச்சில் ஒருவன் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பதைக் கண்ணில் பார்க்க முடிகிறது. இனி அதே சமையலைப் புரட்டுவோம்:

"ஹாஸ்டல்ல எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வச்சுக் குடுத்தது இவன்தான். அடிபிடிச்ச கஞ்சி. ராத்திரி முழுக்கத் தூங்காம பக்கத்துல இருந்தான். தங்கச்சி, சமையல் கத்துக்க அவனுக்கு ஒரு மாசம் குடுங்க. பாத்துக்கறதுக்கு இவன விட்டா ஆள் கிடையாது."

கடைசியில் எளிதாக வரக்கூடிய வரி, "தங்கச்சி, இனி சமையல் உங்க பொறுப்பு" என்பது. அதை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். கல்யாணமான அன்றைக்கே ஒரு பெண்ணை அடுப்படிக்கு அனுப்பும் வரியை, அவளுடைய தோழிகளும் அவள் அம்மாவும் படிக்கிற இடத்தில் வைக்கவேண்டியதில்லை. கற்றுக்கொள்ளவேண்டியவன் அவன் என்று எழுதினால் கேலி அவன்மேலேயே நிற்கிறது, அவளுக்கு ஒரு ஆள் கிடைத்தது போலவும் இருக்கிறது.

ஓலை வரி பிடிக்கவில்லையென்றால் சாட்சிக் கையெழுத்தை வைத்து எழுதலாம். 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, நடத்திவைக்கிற போதகரைத் தவிர இரண்டு சாட்சிகளாவது வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள்தான் கையெழுத்துப் போடுவார்கள். தோழனுக்கு அந்த வாய்ப்பு கிடைத்து, அதைப் படமாகவும் எடுத்திருந்தால் விடாதீர்கள்: "காலேஜ்ல இவனுக்காக நான் போட்ட கையெழுத்து எல்லாம் அட்டெண்டன்ஸ்ல. முதல் தடவையா என் பேர்ல ஒண்ணு." அட்டெண்டன்ஸ் கதை மாமனார் வீட்டுக்குப் போகலாமா என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை ஆசிரியராக வேலை பார்த்தால் போகக்கூடாது.

எந்தத் தமிழில், எப்படிக் கூப்பிட்டு

மேலே தோழியின் கேப்ஷனை எழுத்துத் தமிழிலும் தோழனுடையதைப் பேச்சுத் தமிழிலும் எழுதியிருக்கிறேன். இரண்டும் நடக்கும், ஒரே கேப்ஷனுக்குள் இரண்டையும் கலந்தால்தான் தட்டும். கானா ஊர் வரிக்கு எழுத்துத் தமிழ் வேண்டும், அந்தக் கம்பீரத்தில்தான் கேலி இருக்கிறது. கஞ்சிக் கதைக்குப் பேச்சு வேண்டும்.

"டி", "டா", "லே" எல்லாம் நமக்குள் சாதாரணம். குமரி மாவட்டத்தில் "மக்கா" என்று கூப்பிடாமல் ஒரு பேச்சும் தொடங்காது. "மக்கா" எங்கே வேண்டுமானாலும் போகும், அதில் பாசம் தவிர வேறொன்றும் கேட்காது. "லே" அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் செல்லம், வெளியூர் மாப்பிள்ளை வீட்டுக்கு அதட்டலாகக் கேட்கலாம். "டி"யை மணப்பெண்ணுக்கு நேராக எழுதுவதைவிட, அவளைப் பற்றி "இவள்" என்று மற்றவர்களுக்குச் சொல்வது போல எழுதுங்கள். கேலிக்கும் அதுதான் வசதி. துணைக்கு எப்போதும் மரியாதைப் பன்மை: "அண்ணா, உங்களுக்கு", "தங்கச்சி, குடுங்க".

நீளமும் முதல் வரியும்

இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்துக்குறி வரை எழுதலாம். ஆனால் ஃபீடில் வெட்டாமல் தெரிவது சுமார் 125 குறி, போனைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். மிச்சம் `more` என்பதை அழுத்தினால்தான் தெரியும். தமிழில் இன்னொரு சங்கதி: "தா" என்பது நம் கண்ணுக்கு ஒரு எழுத்து, கணக்கில் இரண்டு குறி. "ந்" என்பதும் அப்படியே. அதனால் தமிழ் வரி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வெட்டுப்படும். கானா ஊர் வரிகள் இரண்டும் சேர்ந்து, இடைவெளிகளோடு, 97 குறி. அதனால் திருப்பம் வெட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பாசமான பகுதி `more`-க்கு உள்ளே போனால் பரவாயில்லை, சிரித்தவர்கள் திறந்து பார்ப்பார்கள். தலைகீழாக, வாழ்த்தை முன்னால் வைத்துக் கேலியை உள்ளே தள்ளினால் யாரும் திறக்கமாட்டார்கள்.

சிரிக்கும் முகங்களை வரிசையாக ஒட்டாதீர்கள். திருப்பத்துக்குப் பக்கத்தில் எமோஜி வந்தால், இங்கே சிரிக்கவும் என்று பலகை வைத்தது போலாகிவிடும். வேண்டுமென்றால் எல்லாம் முடிந்தபின் ஒன்று போதும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு முதல் இரண்டு வாக்கியம் மட்டும் போதும். அது 24 மணி நேரத்தில் போய்விடும், பார்க்கிறவர்களும் ஒரு நொடியில் தாண்டிப் போகிறவர்கள்.

போடுவதற்கு முன்

அந்தக் கல்யாணத்துக்கு வராத நண்பர் ஒருவருக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். "இது என்ன கதை?" என்று கேட்டால், விளக்கம் சேர்க்காதீர்கள், வேறு விஷயத்தை எடுங்கள். விளக்கிச் சிரிக்கவைத்த கேப்ஷனை நான் பார்த்ததில்லை. மற்ற தோழிகளும் படத்தில் இருந்தால், "இவளை என்னைவிட யாருக்கும் தெரியாது" என்ற தொனி எங்காவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். அவளுக்கு ஒரு தங்கையும் இருக்கலாம்.

மணமக்கள் தங்கள் முதல் படத்தைப் போடும்வரை காத்திருங்கள். கல்யாணத்தன்று மதியமே நம் படம் முந்திக்கொண்டு, மணப்பெண்ணின் கோலத்தை ஊர் முழுக்க நம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பார்த்துவிட்டால், அவள் வெளியே சொல்லாமல் வருத்தப்படுவாள். அழுகிற படமென்றால் அவளிடம் கேட்டுவிட்டே போடவேண்டும். போட்டோகிராஃபர் எடுத்த படமென்றால் கடைசி வரியில் அவரைக் குறிப்பிடுங்கள்.

போட்டபின் அவளோ அவனோ ஒரு வரியை மாற்றச் சொன்னால் காரணம் கேட்காமல் மாற்றிவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் மூன்று புள்ளியைத் தொட்டு `Edit` என்று போனால் படமும் லைக்கும் அப்படியே இருக்க, வரியை மட்டும் திருத்தலாம். எந்த வரியை எடுத்தாலும் மிச்சம் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கானா ஊர் வரியை எடுக்கச் சொன்னால் கடிகார வரியை அங்கே வையுங்கள், பஸ் ஸ்டாப் வரிகள் அதற்கும் அப்படியே பொருந்தும்.